அந்த வார்த்தையை எடுத்துவிட்டால்

"அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துட்டு மறுபடி அனுப்புங்கம்மா, உடனே போட்டுடறோம்" என்று தொலைபேசியில் சொன்னது நான்தான். எரிச்சலோடு சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னேன். அதனாலேயே அது இன்னும் உறுத்துகிறது.

செய்தித் தளத்தில் வாசகர் கருத்துகளை மட்டுறுத்தும் வேலை. விதிகளை எழுதியதும் நான்தான். அன்றைய செய்தி, ஒரு பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த பெண்ணின் சாதியைச் சொல்லிச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தது பற்றியது. அதன் கீழே இந்த அம்மா எழுதியிருந்தார். 'நானும் அந்த வேலைதான் பார்த்தேன்' என்று தொடங்கும் பத்துப் பன்னிரண்டு வரிகள். தன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை அந்த வார்த்தையோடேயே எழுதியிருந்தார். அது எங்கள் நீக்கல் பட்டியலில் இருந்த வார்த்தை. கருத்து தானாகவே நீங்கிவிட்டது.

அதே செய்தியின் கீழே இன்னொருவர், 'சிலருக்குப் பரம்பரையா வந்த வேலைதான் கைவரும், சமையல் எல்லாருக்கும் வராது' என்று எழுதியிருந்தார். அதில் கெட்ட வார்த்தை இல்லை, சாதிப் பெயர் இல்லை, யாரையும் பெயர் சொல்லித் திட்டவும் இல்லை. எங்கள் விதிப்படி அது சுத்தமான கருத்து. இரண்டு நாள் விருப்பக் குறிகளோடு மேலேயே நின்றது.

ஏன் அப்படி ஒரு விதி வைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு பேர், இரவு பதினொன்றுக்கு மேல் யாரும் கிடையாது. சாதி சம்பந்தப்பட்ட செய்தி என்றால் சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் கருத்துகள் குவியும். ஒவ்வொன்றையும் நின்று படிக்க ஆள் இல்லை. அதனால் மூன்று தொட்டிகளாகப் பிரித்தோம்: நேராக வெளியாவது, நிறுத்திவைத்துப் பார்ப்பது, தானாக நீங்குவது. எந்த வார்த்தை எந்தத் தொட்டிக்குப் போகும் என்பதுதான் கொள்கையில் முக்கால் பங்கு.

ஸ்பேமில் இந்தக் குழப்பம் வரவில்லை. கடன் செயலிக்காரர்களும் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்பவர்களும் ஒரே வாசகத்தைப் பத்துச் செய்திகளில் ஒட்டுவார்கள். எண்ணைப் பெயருக்கான கட்டத்தில் எழுதுவார்கள், இல்லையென்றால் 'ஒன்பது எட்டு' என்று எழுத்தில் எழுதுவார்கள். புதிதாக வருபவரின் முதல் கருத்தில் இணைப்போ தொலைபேசி எண்ணோ இருந்தால் நிறுத்திவை, ஒரே வாசகம் மூன்றாம் முறை வந்தால் நீக்கு என்று இரண்டே விதிகள் போட்டோம். பெரும்பகுதி அடங்கிவிட்டது. அதை யார் எழுதினார் என்று பார்க்கத் தேவையே இல்லை. அந்த வெற்றியைப் பார்த்துத்தான் வசையையும் அதே வழியில் பிடிக்கலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

தமிழில் அது எவ்வளவு கடினம் என்று முதல் வாரத்திலேயே தெரிந்தது. நம் சொற்கள் வேற்றுமை உருபுகளையும் விகுதிகளையும் ஒட்டிக்கொண்டே வரும் என்பதால் முழுச் சொல்லைத் தேடினால் பாதி தப்பிவிடும். சாதிப் பெயர்களின் வேரை மட்டும் போட்டுத் தேடச் சொன்னோம். 'பள்ள' என்று போட்டதும் சாலைப் பள்ளம் பற்றிய புகார்கள் எல்லாம் நின்றன. அதுகூடப் பரவாயில்லை, பள்ளிக்கூடச் செய்திகளின் கருத்துகளும் நின்றன. நம் கண்ணுக்கு 'ளி' ஒரே எழுத்து. கணினிக்கு அது 'ள' என்ற குறியும் அதன் பின்னால் வரும் இகரக் கொக்கியும். ஆகவே அதன் பார்வையில் 'பள்ளி' என்ற சொல்லுக்குள் 'பள்ள' அப்படியே இருக்கிறது. 'பறை' போட்டபோது 'பறைசாற்றுகிறது' என்று எழுதியவர்கள் மாட்டினார்கள், பறையிசை பற்றி ஆர்வமாக எழுதியவர்களும் மாட்டினார்கள்.

அப்புறம் விதிவிலக்குகளைச் சேர்த்தோம். பள்ளி, பள்ளம், பள்ளத்தாக்கு என்று அந்தப் பட்டியல் வளர்ந்தது. விதிவிலக்குகள் சரியாக வேலை செய்ததும், இனி வடிகட்டி தவறாகப் பிடிக்காது என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அதனால் சாதிப் பெயர்கள் சிலவற்றையும் அவற்றை ஒட்டிய வசைச் சொற்களையும் நிறுத்திவைக்கும் தொட்டியிலிருந்து நீக்கும் தொட்டிக்கு மாற்றினேன். வேலை குறைந்தது, எல்லாருக்கும் நிம்மதி. நான் எடுத்த முடிவுகளில் இப்போது திரும்பிப் பார்க்கும்போது தவறாகத் தெரிவது இதுதான். வடிகட்டி சரியான சொல்லைப் பிடித்தது. சொல்லைப் பிடிப்பதும் வசையைப் பிடிப்பதும் ஒன்று என்று எடுத்துக்கொண்டது நான்.

அந்த அம்மா குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அப்போது புகாருக்கு 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு என்று இருந்தது. நாங்கள் இரண்டையும் ஒழுங்காகச் செய்வோம். மின்னஞ்சலில் எண் கொடுத்திருந்ததால் நானே கூப்பிட்டேன்.

"நான் யாரையும் திட்டலையே சார். என்னைத் திட்டினதைத்தானே எழுதினேன்."

விதியை விளக்கினேன். யார் எழுதினாலும் அந்தச் சொல் வந்தால் நீங்கிவிடும், அது எல்லாருக்கும் பொது என்றேன். அவர் மேலே நிற்கும் அந்தப் பரம்பரைக் கருத்தைச் சொல்லி, "அது மட்டும் எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார். அதில் விதி மீறல் எதுவும் இல்லை என்று சொல்லும்போதே என் குரல் இறங்கியது. அந்தச் சங்கடத்தில்தான் வார்த்தையை எடுத்துவிட்டு அனுப்பச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதை எடுத்துட்டா அதுல என்ன சார் இருக்கு?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. "யோசிச்சு அனுப்புங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் அனுப்பவில்லை.

நானே அதை மீட்டு வெளியிட்டிருக்கலாம். என்னிடம் அந்த அதிகாரம் இருந்தது. ஒருவருக்காக விதியை வளைத்தால் நாளைக்கு இன்னொருவர் வந்து நிற்பார், அவருக்கு என்ன பதில் சொல்வது என்று அப்போது யோசித்தேன். இன்றைக்கும் அது முழுக்கத் தப்பான யோசனை என்று தோன்றவில்லை. ஆளுக்கு ஆள் மாறும் விதி, மட்டுறுத்துநரின் விருப்பு வெறுப்பாகத்தான் முடியும். ஆனால் அவர் சலுகை கேட்கவில்லை. என் விதி எதைப் பார்க்கத் தவறியது என்று காட்டினார்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பிற்பாடு நிதானமாகப் படித்தேன். பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி குற்றம். அந்தப் பிரிவு தொடங்குவதே, அந்தச் சமூகங்களைச் சேராத ஒருவர் அப்படிச் செய்தால் என்றுதான். அதாவது சட்டம் வார்த்தையை மட்டும் பார்க்கவில்லை. சொல்பவர் யார், யாரைச் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்று பார்க்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் நான் விதி எழுதினேன். என் விதியோ அதன் முதல் கேள்வியையே விட்டுவிட்டது.

ஆனால் நீதிமன்றத்துக்கு ஆளைத் தெரியும். எனக்குத் தெரிவது ஒரு புனைபெயரும் நான்கு வரியும்தான்.

எப்படியோ விதியைத் திருத்தினோம். சாதிப் பெயர்கள் எல்லாம் மறுபடி நிறுத்திவைக்கும் தொட்டிக்கே வந்தன. இரவில் அந்தத் தொட்டியிலிருந்து எதுவும் வெளியாகாது. காலையில் படிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, இந்தச் சொல் ஒருவர் மேல் எறியப்படுகிறதா, எறியப்பட்டதைச் சொல்ல வருகிறதா என்பது. பிறப்பை வைத்து ஒருவருக்கு இந்த வேலைதான் வரும் என்றோ வராது என்றோ சொல்வது, எவ்வளவு மரியாதையான வார்த்தையில் இருந்தாலும் நீக்கத்தக்கது என்று ஒரு வரி சேர்த்தோம். நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்றும் வைத்தோம். அதுவரை எல்லாருக்கும் 'உங்கள் கருத்து எங்கள் விதிமுறைகளுக்கு முரணானது' என்ற ஒரே வரிதான் போகும். கடன் செயலிக்காரருக்குப் போன அதே வரி அந்த அம்மாவுக்கும் போயிருந்தது.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு ஆட்கள் கற்றுக்கொண்டார்கள். 'என் ஊரில் ஒரு பெரியவர் இப்படித்தான் சொல்வார்' என்று தொடங்கி, மேற்கோள் குறிக்குள் முழு வசையையும் வைத்து அனுப்பினார்கள். 'நானும் அந்தச் சமூகம்தான், ஆனால் எங்கள் ஆட்கள்...' என்று தொடங்குபவை இன்னும் மோசம். அதில் உண்மையாக எழுதுபவரும் உண்டு, நடிப்பவரும் உண்டு. ஒரே இருபது கருத்துகளை என் குழுவில் இருவரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தேன். ஆறில் மாறுபட்டார்கள். அந்த ஆறும் இந்த வகைதான். உட்கார்ந்து பேசினோம். பேசியும் இரண்டில் ஒத்துவரவில்லை. அந்த இருவரில் ஒருவர், காலை முழுக்க இவற்றைப் படித்துவிட்டு மதியம் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது அண்ணா என்றார். அவருக்கு வேறு ஷிஃப்ட் போடுவதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

அதன் பிறகு ஆசிரியர் குழுவிலிருந்து, சாதிக் கொடுமை பற்றிய செய்திகளில் கருத்துப் பகுதியையே மூடிவிடலாம் என்றார்கள். 2016-இல் அமெரிக்காவின் பொது வானொலி நிறுவனமான என்.பி.ஆர் தன் தளத்தில் கருத்துப் பகுதியை முழுதாகவே நிறுத்தியதை எடுத்துக்காட்டினார்கள். நான் எதிர்த்தேன். மூடினால் பரம்பரைக் கருத்துக்காரருக்குப் பேச வேறு நூறு இடம் உண்டு, அந்த அம்மாவுக்கு இல்லை என்று வாதாடினேன். கடைசியில் கையெழுத்துப் போட்டேன். அந்த வாரம் ஒருவர் விடுப்பில் இருந்தார், ஒருவர் வேலையை விட்டிருந்தார். என்னிடம் வாதம் இருந்தது, படிக்க ஆள் இல்லை. இப்போது அந்த வகைச் செய்திகளின் கீழே கட்டம் கிடையாது. அப்படிப் பார்த்தால் நான் பார்த்துப் பார்த்துத் திருத்திய விதி, அது யாருக்காக எழுதப்பட்டதோ அந்த இடத்தில் அமலில் இல்லை. சில நாள் அது சரி என்றே தோன்றுகிறது. வசையைப் படிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லையே. சில நாள் அந்தத் தொலைபேசி மௌனம் காதில் வருகிறது.

நீக்கிய கருத்துகளை 180 நாள் பத்திரப்படுத்த வேண்டும் என்பதும் அதே 2021 விதிகளில் உள்ளது. எங்கள் அமைப்பில் அந்தக் கெடு முடிந்ததும் தானாக அழிந்துவிடும். அவர் கருத்தின் கெடு எனக்குத் தெரியும், நாட்காட்டியில் குறித்தும் வைத்திருந்தேன். அதற்குள் அவரை மறுபடி கூப்பிட்டு, அப்படியே வெளியிடுகிறோம் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். வெளியிடுவது என்றால் மூடிய செய்தியைத் திறக்க வேண்டும், அதற்கு நானே கையெழுத்திட்ட முடிவைத் தாண்ட வேண்டும். கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. திங்கட்கிழமை போய்த் தேடினேன், இல்லை. இப்போது எனக்கு நினைவில் இருப்பது அதன் முதல் வரி மட்டும்தான்.