ஒன்பது நொடியில் ஒரு திருட்டு

தாராவியில் எடுத்த 12 நிமிடக் குறும்படம் ஒன்றுக்கு ஒலி விவரணை எழுதித் தரும்படி நண்பர் கேட்டார். வசனங்களுக்கு நடுவே திரையில் நடப்பதை ஒரு குரல் சொல்லும். பார்வையற்றவர்கள் அதைக் கேட்டுக் கதையைத் தொடர்வார்கள்.

முதலில் கண்ணை மூடிக்கொண்டு படம் முழுவதையும் கேட்டேன். எங்கே கதை புரியாமல் போகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் யாரும் பேசாத இடங்களை நொடிக் கணக்கோடு குறித்துக்கொண்டேன். இரண்டு நொடிக்கும் குறைவானவற்றை விட்டுவிட்டேன். நிதானமாக வாசித்தால் எனக்கு நொடிக்கு இரண்டு சொல்தான் வருகிறது.

என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒரே ஓர் இடம். இரவு. அம்மா படுத்திருக்கிறாள். மகன் அரிசி டப்பாவிலிருந்து அவள் சங்கிலியைத் திருடுகிறான். அவள் அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அடுத்த வசனத்துக்கு ஒன்பது நொடிதான் இருக்கிறது. நான் எழுதியது இது:

"அவன் மெதுவாக எழுந்து, அரிசி டப்பாவைத் திறந்து, உள்ளே இருக்கும் அம்மாவின் தங்கச் சங்கிலியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான். அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது."

வாசித்தால் மூச்சுவிட இடமில்லாமல் அடுத்த வசனத்தை ஒட்டித்தான் முடிந்தது. தமிழில் வினை கடைசியில் வருவதால் இப்படி நீட்டி எழுதினால் இன்னொரு சிக்கலும் உண்டு. அவன் பையில் போட்டு முடித்த பிறகுதான் கேட்பவருக்கு "போட்டுக்கொள்கிறான்" என்பது வந்து சேரும்.

சயானில் இருக்கும் பார்வையற்ற அண்ணன் ஒருவரிடம், என் குரலிலேயே பதிந்து போட்டுக் காட்டினேன். "தம்பி, அம்மாவுக்குத் தெரிஞ்சுதுன்னு நீங்க ஏன் சொல்றீங்க? அவங்க என்ன செஞ்சாங்கன்னு சொல்லுங்க, நான் புரிஞ்சுக்கிறேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏதோ ஒரு சத்தம் உங்க குரலுக்குள்ள அமுங்கிப்போச்சே" என்றும் கேட்டார். அது டப்பா மூடியின் சத்தம். அந்தக் காட்சியின் பதற்றமே அதில்தான் இருக்கிறது. நான் அதன் மேல் பேசியிருந்தேன்.

சங்கிலி அரிசிக்குள் எப்படி வந்தது என்பதும் அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் நிமிடத்தில் அம்மா அதைப் புதைப்பதை நான் முக்கியமில்லை என்று விட்டிருந்தேன். அங்கே "சங்கிலியைக் கழற்றி அரிசிக்குள் புதைக்கிறாள்" என்று சேர்த்தேன். அதனால் திருட்டுக் காட்சியில் "அம்மாவின் தங்க" என்ற இரண்டு சொல்லும் தேவைப்படவில்லை.

கடைசியில் மூடிச் சத்தம் முழுதாகக் கேட்கவிட்டு, அதன் பிறகு தொடங்கினேன்:

"அரிசி டப்பாவுக்குள் கை விடுகிறான். சங்கிலி. சட்டைப் பையில் போடுகிறான். அம்மாவின் கண்கள் திறந்திருக்கின்றன. சுவர்ப் பக்கம் திரும்புகிறாள்."

பதினான்கு சொல், ஏழு நொடி. ஒலிக் கலவையின்போது விவரணை வரும் இடங்களில் பின்னணி ரயில் சத்தத்தை மட்டும் சற்றுத் தாழ்த்தச் சொன்னேன். "திரும்புகிறாள்" முடிந்து, "சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்பதற்கு முன் கிட்டத்தட்ட ஒரு நொடி மிஞ்சியது. அதில் எதுவும் எழுதவில்லை.