ஒன்றரையா, இரண்டரையா?

திருகோணமலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, என் ரொறன்ரோ வங்கி அட்டை திடீரென வேலை செய்யாமல் போனது. அதன் பின்புறத்தில் வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கான எண் இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, ரொறன்ரோ நேரப்படி காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள்.

மூன்று வயதில் போனவளுக்கு உவர்மலையும் புது நாடுதான். கோடையில் வந்ததால் ஒரு கணக்குப் பழகியிருந்தது. இங்குள்ள மணியோடு இரண்டரை கூட்டி, காலை மாலையை மாற்றிக்கொள்வேன். இங்கே மாலை 5.30 என்றால் அங்கே காலை 8. இலங்கை ஒன்பதரை மணி நேரம் முன்னே நிற்பதால் இது சரியாக வரும்.

2025 நவம்பர் 3, திங்கட்கிழமை. மாலை 5.45க்கு அழைத்தேன். மூடியிருக்கிறது என்றது பதிவுக்குரல். விடுமுறையோ என்று பார்த்தேன், அப்படி ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டு மாமா மதிலுக்கு அப்பால் நின்று கேட்டார், "பிள்ளை, அங்க மணியத் திருப்பிட்டாங்களோ?"

அவருக்கு இது புதிதல்ல. 1996இல் இலங்கையும் கடிகாரத்தை முன்னே தள்ளியது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஆனது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் பகுதிகளில் பழைய நேரமே இருந்ததால், யாராவது வரச் சொன்னால் "பழைய நேரமோ, புது நேரமோ" என்று முதலில் கேட்பார்களாம்.

அவர் சொன்னதுதான் நடந்திருந்தது. நவம்பர் முதல் ஞாயிறு ரொறன்ரோவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைத்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து இடைவெளி பத்தரை மணி, நான் கூட்ட வேண்டியது ஒன்றரை. ஆக, நான் அழைத்தபோது அங்கே காலை 7.15. சரி, 6.30 வரை பொறுத்திருந்து எடுத்தேன், ஆள் கிடைத்தார்.

அதோடு விடவில்லை, கிழமையிலும் ஒருமுறை ஏமாந்தேன். திங்கள் விடியற்காலை 6 மணிக்கு, வேலை நாள்தானே என்று அழைத்தேன். அங்கே இன்னும் ஞாயிறு மாலை. ஆனால் நம் சனி விடியற்காலை 5 மணி அங்கே வெள்ளி மாலை 6.30. சனிக்கிழமை என்று நாம் தயங்குகிற நேரத்தில் அவர்கள் வேலையில் இருப்பார்கள்.

இப்போது கைபேசியின் உலகக் கடிகாரத்தில் Toronto என்று ஊர்ப்பெயரையே போட்டு வைத்திருக்கிறேன். EST என்று போட்டால் அது குளிர்கால நேரத்திலேயே நிற்கும், கோடையில் ஒரு மணி பிசகும். கூத்து என்னவென்றால், பல கடைகள் கோடையிலும் EST என்றுதான் எழுதுகின்றன. அதை அந்த ஊர் நேரம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கைபேசியில் மாமாவுக்கு நம்பிக்கை இல்லை. மார்ச் இரண்டாம் ஞாயிறு என் சுவர்க் கலண்டரில் அவரே சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறார்: "இரண்டரை."