மூன்று மீட்டர் ஸ்டாலில் கவுன்டரை எங்கே வைப்பது?

கோத்தகிரியில் எங்களுடையது சின்னத் தேயிலைத் தொழிற்கூடம். ஆர்த்தடாக்ஸ், கிரீன் டீ, குளிர்காலப் பறிப்பில் கொஞ்சம் ஒயிட் டீ என்று சிறு பாக்கெட்டுகளாகப் போட்டு விற்கிறோம். கோவை கொடிசியாவில் ஒரு உணவுக் கண்காட்சியில் ஸ்டால் எடுத்தபோது, அதை முன்கூட்டியே 3டி படமாக வரைந்து பார்த்தோம். சின்ன ஸ்டாலுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். சின்ன ஸ்டாலுக்குத்தான் படம் அதிகம் தேவைப்படுகிறது. இடம் பெரிதாக இருந்தால் அரை மீட்டர் தள்ளி வைத்துச் சமாளிக்கலாம், ஒன்பது சதுர மீட்டரில் அது நடக்காது.

எங்களுக்குக் கிடைத்தது மூன்றுக்கு மூன்று மீட்டர் மூலை ஸ்டால். இடப்பக்கமும் பின்பக்கமும் சுவர். முன்பக்கமும் வலப்பக்கமும் நடைபாதை. சுவர் என்பது அலுமினியக் கம்பங்களுக்கு நடுவே செருகிய வெள்ளைப் பலகைகள். உயரம் இரண்டரை மீட்டர், கம்பத்துக்குக் கம்பம் ஒரு மீட்டர். வாடகையோடு ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூன்று ஸ்பாட்லைட், ஒரு 5 ஆம்ப் பிளக் பாயின்ட் தருவார்கள்.

கோவையில் ஸ்டால் டிசைன் செய்யும் ஒரு தம்பி ஸ்கெட்ச்அப் என்ற 3டி வரையும் மென்பொருளில் வரைந்து கொடுத்தார். முதல் படம் பார்க்க அவ்வளவு அழகு. திறந்த இரண்டு பக்கமும் ‘ட’ வடிவில் கவுன்டர், உள்ளே மூங்கில் அலமாரி, சுவர் முழுக்கத் தேயிலைத் தோட்டப் படம். அதில் மனிதர்களே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. “தம்பி, நாலு பேரை நிறுத்திக் காட்டுங்க” என்று கேட்டேன். நிறுத்தியதும் படத்தின் கதையே மாறிவிட்டது. டீ குடிப்பவர்கள் எல்லாரும் நடைபாதையில் நிற்கிறார்கள். உள்ளே வர வழியே இல்லை. பின்னால் நடப்பவர்களின் தோள் இடித்தால் யாரும் ஒரு மடக்குக்கு மேல் நின்று குடிக்க மாட்டார்கள். ஸ்டாலுக்கு வெளியே கூட்டம் சேர்க்கக் கூடாது என்று எங்களுக்குத் தந்த கையேட்டிலேயே போட்டிருந்தது.

இன்னொரு விஷயமும் கவனித்தேன். படத்தில் ஸ்டால் கல்யாண மண்டபம் போல விரிந்து தெரிந்தது. ஸ்கெட்ச்அப்பில் Field of View என்று ஒரு அளவு இருக்கிறது. அதைக் கூட்டினால் சின்ன அறையும் பெரிதாகத் தெரியும். வழக்கமாக அது 35 டிகிரியில் இருக்கும், தம்பி எழுபதுக்கு மேல் ஏற்றியிருந்தார். முழு ஸ்டாலையும் ஒரே படத்தில் காட்ட அப்படிச் செய்வது வழக்கம்தானாம். சரி, அது நோட்டீஸில் போட நல்லது. முடிவெடுக்க எனக்கு வேறு படம் வேண்டியிருந்தது: அந்த அளவை முப்பத்தைந்துக்கே இறக்கி, கண் உயரம் ஒன்றரை மீட்டர் வைத்து, ஆறு மீட்டர் தள்ளி நடைபாதையில் வரும் ஒருவர் என்ன பார்ப்பார் என்று.

அப்படிப் பார்த்துத்தான் கவுன்டருக்கு இடம் முடிவானது. ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்தில் இரண்டு கவுன்டர்களைச் சேர்த்து இடப்பக்கச் சுவருக்கு இணையாகப் போட்டோம். சுவருக்கும் கவுன்டருக்கும் நடுவே எங்கள் ஆள் நிற்க 80 சென்டிமீட்டர். கவுன்டரோடு சேர்த்து 1.3 மீட்டர் போய்விடுகிறது, மீதி 1.7 மீட்டர் வருபவர்களுக்கு. கவுன்டரை ஒட்டி நின்று குடிப்பவருக்கு 60 சென்டிமீட்டர் விட்டாலும், அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் வழி இருக்கிறது. முன்பக்கம் நுழைந்து, டீ குடித்து, பின்சுவர் அலமாரியில் பாக்கெட் எடுத்து, வலப்பக்கமாக வெளியேறலாம். கவுன்டரின் முன்முனையை நடைபாதையிலிருந்து 30 சென்டிமீட்டர் உள்ளே தள்ளினோம், முதலில் நிற்பவரும் ஸ்டாலுக்குள்ளேயே இருக்கட்டும் என்று. அதனால் பின்முனைக்கும் பின்சுவருக்கும் நடுவே 70 சென்டிமீட்டர் கிடைத்தது. எங்கள் ஆள் போய்வர அதுவே வாசல்.

படத்தை நம்பி நிற்கவில்லை. பேக்கிங் அறைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, மேசைகளை நகர்த்தி வைத்து, வேலை செய்யும் அக்காக்களைக் கையில் டம்ளரோடு நடக்கச் சொன்னோம். தோளில் பை மாட்டியவர் திரும்பினால் அலமாரிப் பாக்கெட்டைத் தட்டிவிடுகிறார் என்பது அங்கேதான் தெரிந்தது. அலமாரியின் ஆழத்தை 30 சென்டிமீட்டராகக் குறைத்து, இடுப்புக்கு மேலே ஏற்றினோம்.

பேனருக்கும் மனிதர்களை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். உள்ளே மூன்று பேர் நின்றாலே பின்சுவரில் அவர்கள் தலை உயரம் வரை மறைந்துவிடும். தரையிலிருந்து 1.7 மீட்டருக்குக் கீழே எழுதுவது உள்ளே வந்தவருக்கு மட்டும்தான். பெயரை அதற்கு மேலே, நான்கு அங்குல எழுத்தில் வைத்தோம். கீழே தோட்டப் படம், விலை, விவரம். அடுத்தது கம்பங்கள். படத்தில் பின்சுவர் ஒரே பலகையாகத் தெரிந்தது, நிஜத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு அலுமினியக் கம்பம் குறுக்கே வரும். கம்பங்களையும் வரையச் சொன்னபோது எங்கள் பெயரின் ஒரு எழுத்து சரியாக ஒரு கம்பத்தின் மேல் போய் உட்கார்ந்தது. பெயரை நடுப் பலகைக்குள்ளேயே அடங்கும்படி சுருக்கினோம். பிரின்ட்டைப் பளபளப்பு இல்லாத மேட் வினைலில் எடுக்கச் சொன்னதும் ஸ்பாட்லைட்டை யோசித்துத்தான். பளபளப்பான ஷீட்டில் விளக்கு வட்டமாகப் பிரதிபலித்து எழுத்தை விழுங்கிவிடும். மூன்று பலகைக்கும் தனித்தனி ஷீட் என்பதால் சுருட்டி எடுத்துப் போகவும் வசதியாக இருந்தது. எட்டடிப் பலகையாக ஒட்டி வாங்கியிருந்தால் எங்கள் சின்ன வண்டியில் படுக்க வைத்திருக்க முடியாது.

விளக்கு விஷயத்தில் படத்தை நம்பவே கூடாது. வரைபடத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வரும். தரும் மூன்று ஸ்பாட்லைட்டும் முன்பக்கப் பெயர்ப்பலகைக்குப் பின்னால், உள்நோக்கி மாட்டப்படும். அப்படியானால் கவுன்டரின் முன்முனையில் நிற்பவரின் நிழல் அடுத்தவர் கோப்பையில் விழும். அதனால் இரண்டை இடப்பக்கச் சுவரின் மேல்விளிம்பில், நீட்டுக் கையில் மாட்டி, கவுன்டரை நோக்கித் திருப்பும்படி படத்திலேயே குறித்துக் கொடுத்தோம். ஒளி 36 டிகிரி விரியும் விளக்கு, கவுன்டருக்கு மேல் 1.4 மீட்டர் உயரத்தில் இருந்தால், நேர்கீழே சுமார் 90 சென்டிமீட்டர் வட்டம் வெளிச்சம் தரும். இரண்டு மீட்டர் கவுன்டருக்கு இரண்டு விளக்கு போதும். மூன்றாவது பெயருக்கு. பாக்கெட் அலமாரிக்குக் கூடுதலாக ஒன்று கேட்டு வாங்கினோம்.

நிறத்தையும் சொல்ல வேண்டும். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் ஆர்த்தடாக்ஸ் டீயின் பொன்னிறம் வெளுத்துச் சோகையாகத் தெரிந்தது. வீட்டிலேயே கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, கவுன்டருக்கு மஞ்சள் சாயலான 3000 கெல்வின் கேட்டோம். அலமாரிக்கு 4000, கிரீன் டீ பாக்கெட்டின் பச்சை மஞ்சளடிக்காமல் இருக்க.

கடைசியில் கெட்டில். அது 1500 வாட். 5 ஆம்ப் பாயின்ட் 230 வோல்ட்டில் 1150 வாட்தான் தாங்கும். மாட்டினால் ஸ்டாலின் மின்சாரமே போய்விடலாம். 15 ஆம்ப் பாயின்ட் தனியாகக் கேட்டு, கவுன்டருக்குப் பின்னால் சுவரோரம் வரும்படி படத்தில் புள்ளி வைத்தோம். இல்லையென்றால் வயர், ஆட்கள் நடக்கும் வழியில் குறுக்கே ஓடும்.

ஸ்டால் போடும் ஒப்பந்தக்காரருக்கு அந்த அழகான படத்தை அனுப்பவில்லை. அளவு குறித்த தரைப்படம், விளக்கும் பிளக்கும் குறித்த சுவர்ப்படம், இரண்டு தாள் மட்டும். முந்தின நாள் மாலை போய்ப் பார்த்தபோது கவுன்டர் சரியான இடத்தில் இருந்தது, ஸ்பாட்லைட் ஒன்று மட்டும் நேராக வருபவர் கண்ணில் அடித்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் ஏணியோடு அங்கேயே இருந்ததால் அப்போதே திருப்பி வைத்துவிட்டார்.