ரவுண்ட் ராபின் கணக்கு: ஒரே கேள்விக்கு 4.25, 4.5 என இரண்டு விடைகள்

ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் தேர்வுக்குத் தயாரானபோது நான் அதிக நேரம் கொடுத்தது, ப்ராசஸ்களுக்கு சிபியுவை முறைவைத்துக் கொடுக்கும் ரவுண்ட் ராபின் கணக்குக்குத்தான். நானும் நண்பரும் தனித்தனியாக ஒரே கேள்வியைப் போட்டோம். எனக்கு சராசரி வெயிட்டிங் டைம் 4.25 வந்தது, அவருக்கு 4.5. கூட்டல், கழித்தலில் இருவருக்கும் பிழையில்லை. வித்தியாசம் எங்கே நுழைந்தது என்று தேடியபோதுதான் இந்தக் கணக்கு எனக்கு முழுசாகப் பிடிபட்டது.

கேள்வி இதுதான். குவாண்டம், அதாவது ஒரு முறைக்குக் கிடைக்கும் அதிகபட்ச நேரம், 2. பர்ஸ்ட் என்பது ஒரு ப்ராசஸுக்கு மொத்தம் தேவைப்படும் சிபியு நேரம்.

```
       வந்த நேரம்   பர்ஸ்ட்
P1         0          5
P2         1          3
P3         2          1
P4         4          2
```

பலரும் நேரே கேன்ட் சார்ட்டை வரைய ஆரம்பிப்பார்கள். நான் முதலில் எழுதுவது, சிபியுவுக்காகக் காத்திருப்பவர்களின் வரிசையான ரெடி கியூவை. யார் அடுத்து என்பதைச் சொல்வது கியூதான், சார்ட் அதன் பதிவு மட்டுமே. ஒவ்வொரு துண்டு முடியும்போதும் கியூவைப் புதிய வரியில் எழுதிக்கொள்வேன்.

0 முதல் 2 வரை P1 ஓடுகிறது, அதற்கு இன்னும் 3 மிச்சம். P2 நேரம் 1-லேயே வந்து கியூவில் நிற்கிறது. நேரம் 2-ல் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன: P1-இன் குவாண்டம் முடிகிறது, P3 வந்து சேர்கிறது. கியூவில் யார் முன்னால்? நான் புதிதாக வந்த P3-ஐ முன்னால் விட்டேன். கியூ P2, P3, P1 ஆனது. நண்பர் P1-ஐ முதலில் சேர்த்தார், அவருக்கு P2, P1, P3. நேரம் 4-லும் இதே நிலைமை: P2-இன் குவாண்டம் முடியும் அதே கணத்தில் P4 வருகிறது.

என் வழியில் கடைசிவரை போனால் சார்ட் இப்படி வரும்:

```
P1   P2   P3   P1   P4   P2   P1
0    2    4    5    7    9    10   11
```

P3-க்கு ஒரு அலகுதான் வேலை. அது 5-ல் முடிந்ததும் அடுத்தது உடனே தொடங்கிவிடும், குவாண்டம் நிரம்பும்வரை சிபியு சும்மா காத்திருக்காது.

முடிந்த நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்தால் டர்ன்அரவுண்ட் டைம், அதிலிருந்து பர்ஸ்ட்டைக் கழித்தால் வெயிட்டிங் டைம். P1: 11−0−5 = 6. P2: 10−1−3 = 6. P3: 5−2−1 = 2. P4: 9−4−2 = 3. மொத்தம் 17, நான்கால் வகுத்தால் 4.25. நண்பரின் வரிசையில் P1-க்கு அதே 6, மற்ற மூன்றுக்கும் தலா 4, மொத்தம் 18. குட்டி வேலையான P3 அவருக்கு 5-க்குப் பதில் 7-ல்தான் முடிகிறது.

விடையைச் சரிபார்க்க எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு துண்டிலும் கியூவில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எண்ணி, துண்டின் நீளத்தால் பெருக்கிக் கூட்டுவது. 1–2-ல் ஒருவர், 1. 2–4-ல் இருவர், 4. 4–5-ல் மூவர், 3. 5–7-ல் இருவர், 4. 7–9-லும் அதேபோல் 4. 9–10-ல் ஒருவர், 1. கூட்டினால் அதே 17. ப்ராசஸ் வாரியாகக் கழித்துப் பார்த்ததும், நேரம் வாரியாக எண்ணியதும் ஒன்றுக்கொன்று வேறான பாதைகள். ஒரு துண்டு விடுபட்டிருந்தாலும், முடிந்த நேரத்தை மாற்றி எழுதியிருந்தாலும் இரண்டு மொத்தமும் பொதுவாக ஒத்துப்போகாது.

பிறகு பைதானிலும் எழுதிப் பார்த்தேன். முழு வித்தியாசமும் இந்த வரிகளின் வரிசையில் அடங்கிவிட்டது:

```
t += run
admit(t)               # t வரை வந்தவை கியூவில்
if left[p] > 0:
    q.append(p)        # மிச்சமுள்ள பழையது
```

`admit(t)`-ஐ `if`-க்குக் கீழே தள்ளினால் 4.5 வருகிறது.

நான் பார்த்த தீர்வுகளில் பெரும்பாலும் புதிதாக வந்ததையே முன்னால் விடுகிறார்கள். ஆனால் கேள்வித்தாளில் வேறு விதி சொல்லியிருந்தால் அதுதான் செல்லும். எதுவும் சொல்லாவிட்டால், சார்ட்டுக்கு மேலே ஒரு வரி எழுதிவிடுவேன்: "ஒரே நேரத்தில் புதிய ப்ராசஸும் குவாண்டம் முடிந்த ப்ராசஸும் கியூவுக்கு வந்தால் புதியது முதலில், கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் நேரம் 0." கீழே கியூ வரிகளையும் அழிக்காமல் விட்டுவைப்பேன். திருத்துபவர் வேறு விதியை எதிர்பார்த்திருந்தாலும், நான் எந்த விதியில் போனேன் என்பது அவர் கண்முன்னே இருக்கும்.