நோயாளி “வேண்டாம்” என்றால்: லெம்பாகா சோதனையில் நான் கோட்டைவிட்ட இடம்

போன வாரம் தாதியர் லெம்பாகா சோதனை ரிசல்ட் வந்தது. இரண்டாவது தடவையில் பாஸ். சுங்கை சிப்புட்டில் அம்மா தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்துவிட்டார். முதல் தடவை ஏன் தேறவில்லை என்று எனக்குத் தெரியும். அன்று சோதனை முடிந்து வாசலில் தோழிகளோடு விடைகளைப் பேசிப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அடுத்து எழுதப் போகும் பிள்ளைகளுக்காக அதை மட்டும் சொல்கிறேன். மற்ற பாடங்களை நீங்களே படித்துக்கொள்வீர்கள்.

நெறிமுறைப் பகுதியில் நான் நான்கு சொற்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: தன்விருப்ப உரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. 1979-இல் போஷாம்ப், சைல்ட்ரெஸ் இருவரும் எழுதிய புத்தகத்திலிருந்து உலகம் முழுக்கப் பரவிய நான்கு. நோயாளி சிகிச்சையை மறுத்தார் என்று கேள்வி வந்தால் உடனே “அவர் முடிவை மதித்து, ரிப்போர்ட்டில் எழுது” என்ற விடையைக் கறுப்பாக்கிவிடுவேன். பார்க்க நல்ல விடைதான். ஆனால் கேள்வி கேட்டது “தாதியின் முதல் செயல் எது?” என்று. மதிப்பதும் எழுதுவதும் முதலில் வராது.

இது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, ஒரு ஐயாவின் கட்டிலருகே புரிந்தது. இரண்டாம் தடவை படிக்கும்போது அவரைத்தான் நினைத்துக்கொண்டே படித்தேன்.

வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இனிப்புநீர். வலது காலில் இரண்டாவது விரல் கறுத்து, கட்டைப் பிரித்தால் வாடை வரும். எக்ஸ்ரேயில் எலும்புவரை புண் போயிருந்தது. அறுவை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பத்து மணிக்கு நான் கையெழுத்துப் பாரத்தோடு போனேன். தலையணை நனையும் அளவுக்கு வேர்த்திருந்தது. “போ, போ, ஒன்னும் வேணாம், வீட்டுக்குப் போறேன்” என்று பாரத்தைத் தட்டிவிட்டார். நான் திரும்பி வந்து “நோயாளி மறுத்துவிட்டார்” என்று எழுத ஆரம்பித்தேன்.

பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டார். “காலையில இன்சுலின் போட்டீங்களா? சாப்பிட்டாரா?” இன்சுலின் போட்டாயிற்று. கஞ்சி மூடியே திறக்கப்படவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 2.9 mmol/L. நாலுக்குக் கீழே போனாலே குறைவு என்று நமக்குத் தெரியும். 15 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தோம், 5.4. “யாரும்மா நீ?” என்று அப்போதுதான் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

பத்து மணிக்கு அவர் சொன்ன “வேண்டாம்” அவருடைய முடிவே இல்லை. சர்க்கரைக் குறைவு பேசிய பேச்சு. அதை மதித்திருந்தால் தன்விருப்ப உரிமையைக் காப்பாற்றியதாக ஆகியிருக்காது. முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்பதை டாக்டர்தான் தீர்மானிப்பார். ஆனால் சந்தேகப்பட்டுச் சொல்ல வேண்டிய முதல் ஆள் கட்டிலருகே இருக்கும் நாம். பார்க்க வேண்டியவை:

- சொன்னது புரிகிறதா
- கொஞ்ச நேரம் நினைவில் நிற்கிறதா
- இதைச் செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று எடைபோட முடிகிறதா
- முடிவைச் சொல்ல முடிகிறதா (பேச்சாகவோ சைகையாகவோ)

காய்ச்சல், ஆக்ஸிஜன் குறைவு, வலிமருந்து மயக்கம், சர்க்கரை எல்லாம் இதைக் கெடுக்கும். நாம் சொல்வதற்கு ஒத்துவராத முடிவு எடுத்தார் என்பதற்காக மட்டும் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது. இதை இரண்டு தடவை அடிக்கோடிடுங்கள்.

பதினோரு மணிக்கும் அவர் வேண்டாம் என்றார். இந்தத் தடவை தெளிவாக. ஏன் என்று கேட்டேன். “கால வெட்டுறேங்குறாங்க. என் மச்சானுக்கு முட்டிக்குக் கீழ எடுத்தாங்க. லயத்துல கக்கூசு வெளிய, மூணு படி. கடைசிவரைக்கும் அவரு படி எறங்கவே இல்ல.”

டாக்டர் சொன்னது ‘ஜாரி காக்கி’, கால்விரல். ஐயா காதில் விழுந்தது ‘காக்கி’ மட்டும். மலாயில் அந்த ஒரு சொல்லே பாதத்துக்கும் முழுக்காலுக்கும் போகும், நம் ‘கால்’ மாதிரிதான். ஆக, அவர் மறுத்தது டாக்டர் சொன்ன சிகிச்சையையே அல்ல.

இங்கேதான் நான் இன்னொரு தப்பு செய்யப் போனேன். “ஐயா, விரல் மட்டும்தான், பயமில்ல, கையெழுத்து போடுங்க” என்று வாய்வரை வந்தது. அறுவையையும் அதன் ஆபத்தையும் விளக்குவது டாக்டரின் கடமை. நோயாளிக்கு முக்கியமான ஆபத்துகளைச் சொல்லியாக வேண்டும் என்று 2006 டிசம்பரில் ஃபூ ஃபியோ நா வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பயமில்லை என்று உறுதி கொடுக்க நான் யார்? விரலை எடுத்த பிறகும் ரத்த ஓட்டம் சரியில்லையென்றால் புண் மேலே ஏறலாம். டாக்டரை மறுபடி கூப்பிட்டு, எங்கே தப்பாகப் புரிந்திருக்கிறது என்று சொல்லி, அவர் விளக்குவதைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்வதுதான் என் வேலை. சொன்ன பிறகு, “உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்க ஐயா” என்று கேட்டோம். சரியாகச் சொன்னார்.

அப்படியும் மறுத்தார்! “மக கல்யாணம் மூணு வாரத்துல. மணவறையில நடந்து போயி நிக்கணும். அப்பறம் பாத்துக்கலாம்.”

மூன்று வாரத்தில் ரத்தத்தில் கிருமி கலக்கலாம், அப்போது விரலோடு நிற்காது என்றும் டாக்டர் சொன்னார். அவருக்குப் புரிந்தது. எடைபோட்டார். மறுத்தார். இப்போதுதான் அது அவருடைய முடிவு.

மகள் தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நான் கையெழுத்து போடுறேன் அக்கா. அப்பாகிட்ட கட்டு மாத்துறோம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்களேன்.” இதே கேள்வி சோதனையிலும் வந்தது. தெளிவாக இருக்கும் பெரியவருக்காகப் பிள்ளை கையெழுத்திட முடியாது. ஏமாற்றிக் கூட்டிப்போனால் உண்மை பேசுதல் போயிற்று, அவர் மறுத்ததை அவர் உடம்பில் செய்ததாகவும் ஆகிவிடும். அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பாவோடு உட்கார்ந்து நேரிலேயே பேசச் சொன்னேன். பேசினார். ஐயா மாறவில்லை.

மறுத்தது அறுவையை மட்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது. ஊசியில் போகும் கிருமிக்கொல்லி மருந்து, கட்டு மாற்றுவது, வலிமருந்து, சர்க்கரை பார்ப்பது எதையும் அவர் மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் அவர் கட்டிலை எல்லாரும் கடைசியாகத்தான் எட்டிப் பார்த்தோம். யாரும் சொல்லிச் செய்யவில்லை. நானும் அப்படித்தான் நடந்துகொண்டேன். அது தீங்கு செய்யாமையை மீறுவது என்று இப்போது படிக்கும்போது சுடுகிறது. சொந்தப் பொறுப்பில் வீட்டுக்குப் போகும் பாரத்தில் அவர் கையெழுத்திட்டாலும் நம் கடமை அந்தத் தாளோடு முடியாது. ஐந்தாம் நாள் அவர் போனபோது மாத்திரை, கிளினிக்கில் கட்டு மாற்றும் தேதி, காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தாலும் சிவப்பு கணுக்காலுக்கு ஏறினாலும் அன்றே வர வேண்டும் என்ற எச்சரிக்கை, எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம் என்ற வார்த்தை, எல்லாம் கொடுத்து அனுப்பினோம்.

ரிப்போர்ட்டில் “நோயாளி ஒத்துழைக்கவில்லை” என்று எழுதாதீர்கள். நான் எழுதப் போனதை அக்கா அடித்துவிட்டு இப்படி எழுதவைத்தார்: நேரம், சர்க்கரை அளவு, எந்த டாக்டர், எந்த மொழியில், என்ன விளக்கினார், நோயாளி திருப்பிச் சொன்னது, மறுத்தது எதை, ஏற்றது எதை, காரணம் அவர் வாய்ச்சொல்லிலேயே. “மணவறையில் நடந்து போய் நிற்க வேண்டும்” என்ற வரி இன்னும் அந்தக் கோப்பில் என் கையெழுத்தில் இருக்கும்.