பலூன் ஏன் இரண்டு மடங்கு ஆகவில்லை

"விடை சரியா வரணும்னு எண்ணை மாத்திக்கிறோமா மிஸ்?" என்று அந்த மாணவி கேட்டாள். "சூத்திரம் அப்படித்தான், கெல்வினில் போட்டால்தான் வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். மாதங்கள் ஆகியும் அந்தப் பதில் உறுத்துகிறது.

சார்லஸ் விதி வகுப்பு. அழுத்தம் மாறாமல் இருந்தால், அடைபட்ட வாயுவின் பருமன் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கரும்பலகையில் எழுதியிருந்தேன். பம்பில் காற்றடித்த பலூன் ஒன்று. வாயால் ஊதினால் மூச்சின் ஈரமும் உள்ளே போய்விடும், குளிரும்போது அது நீராகிப் பலூன் கூடுதலாகச் சுருங்கும், அதனால்தான் பம்ப். 30 டிகிரி தண்ணீரில் பலூனின் அகலமான இடத்தில் நூல் சுற்றி அளந்தாள், 60 செ.மீ. பிறகு 60 டிகிரி தண்ணீரில் சில நிமிடம் அமுக்கிப் பிடித்திருந்துவிட்டு அளந்தாள், 61.8 செ.மீ. "வெப்பநிலை ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. நேர்விகிதம்னா பலூனும் ரெண்டு மடங்கு ஆகணுமே?" என்றாள். நான் 273-ஐக் கூட்டச் சொன்னேன். 303, 333. வகுத்தால் கிட்டத்தட்ட 1.1. பருமன் பத்து சதவீதம்தான் கூட வேண்டும், நூலளவில் அது மூன்று சதவீதம் சொச்சம். விடை பொருந்திவிட்டது. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது, பாடம் முடிய வேண்டியிருந்தது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் ஐந்து நிமிடம் போதாது என்பது உண்மையா என்று கேட்டால் எனக்கே சந்தேகம்.

பாரன்ஹீட்டை எடுத்திருந்தால் போதும். அதே இரண்டு தண்ணீர்தான், பாரன்ஹீட்டில் 86, 140. இப்போது வெப்பநிலை 1.6 மடங்குதான் கூடியிருக்கிறது, செல்சியஸிலோ இரண்டு மடங்கு. பலூன் ஒன்று, தண்ணீர் மாறவில்லை, நாம் எந்த வெப்பமானியைப் பார்க்கிறோம் என்று பலூனுக்குத் தெரியாது. அப்படியானால் "இரண்டு மடங்கு" என்ற பேச்சே அங்கே பொருளில்லாதது, ஏனென்றால் செல்சியஸின் பூஜ்யம் பனிக்கட்டி உருகும் இடம், நம் வசதிக்காக வைத்துக்கொண்ட அடையாளம், அங்கே வாயுவின் பருமன் ஒன்றும் பூஜ்யமாகிவிடவில்லை. மைனஸ் 10 டிகிரியில் பலூனின் பருமன் மைனஸில் போகுமா என்று கேட்டிருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

சரி, பூஜ்யத்தை எங்கே வைப்பது? அவள் கையில் இருந்த நூலே அதையும் சொல்லியிருக்கும். 61.8-ஐ 60-ஆல் வகுத்து மும்மடி எடுத்தால் 1.093. முப்பது டிகிரிக்கு 9.3 சதவீதம் கூடுகிறது. அதே வேகத்தில் கீழே இறங்கினால் முழுப் பருமனும் தீர 324 டிகிரி இறங்க வேண்டும், அதாவது மைனஸ் 294. உண்மையான எண் மைனஸ் 273.15. நூல் ஒரு மில்லிமீட்டர் கூடக் காட்டியிருந்தால் மைனஸ் 276 வந்திருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கே விடை பதினெட்டு டிகிரி நகர்கிறது, போதாததற்கு ரப்பரின் இழுவிசையால் உள்ளழுத்தமும் கொஞ்சம் மாறும், அப்படியிருந்தும் பலூன் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டிவிடுகிறது. எண்ணை மாற்றவில்லை, எண்ணத் தொடங்கும் இடத்தை மாற்றினோம், அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது வாயு. இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். பலூன் நிஜமாகவே இரட்டிப்பாக வேண்டுமானால் 606 கெல்வின், அதாவது 333 டிகிரி செல்சியஸ் வேண்டும், ரப்பர் அதற்கு வெகுமுன்பே போய்விடும்.

ஆனால் இப்படி எழுதும்போதே இன்னொரு தயக்கம் வருகிறது. அந்தக் கோட்டை மைனஸ் 273 வரை நீட்டுவது தாளில்தான் முடியும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மைனஸ் 183-லும் நைட்ரஜன் மைனஸ் 196-லும் திரவமாகிவிடும், அதற்குக் கீழே சுருங்குவதற்கு வாயுவே இருக்காது. "இல்லாத வாயு எப்படி மிஸ் பூஜ்யத்தைக் காட்டும்?" என்று அவள் திருப்பிக் கேட்டிருப்பாள். அழுத்தம் குறைவாக உள்ள எந்த வாயுவை எடுத்தாலும் கோடு அதே புள்ளியை நோக்கித்தான் போகிறது என்று சொல்லலாம். கெல்வினே 1848-இல் தன் அளவையை எந்த ஒரு பொருளின் குணத்தையும் நம்பாமல், வெப்ப எந்திரத்தின் கோட்பாட்டிலிருந்து அமைக்கத்தான் முயன்றார் என்றும் சொல்லலாம். ஆனால் அதை அந்த வயதுக்கு எப்படிச் சொல்வது? ஒருவேளை "சூத்திரம் அப்படித்தான்" என்பது அந்த இடத்துக்குப் போதுமான பதில்தானோ? இப்படி நினைத்தால் ஒரு நாள் நிம்மதியாக இருக்கும், மறுநாள் இருக்காது.

அடுத்த வாரம் பாரன்ஹீட் கதையை வகுப்பில் சொன்னேன். பின்வரிசையில் இரண்டு பேர் "ஓ!" என்றார்கள். அவள் தலையாட்டினாள், ஒன்றும் கேட்கவில்லை. தேர்வில் இதே மாதிரிக் கணக்கு வந்தது, முதல் வரியிலேயே 273-ஐக் கூட்டி, பிழையில்லாமல் முடித்திருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.