தட்டணுக்கள் குறையும்போது உறையும் இரத்தம்

"ஹெப்பாரினை நிறுத்தியாச்சு மேடம், அது போதாதா?" என்று அந்த முதுநிலை மாணவர் கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட அந்த அம்மாவுக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைவு. அதனால் இரத்தம் உறையாமலிருக்க எனாக்சாபாரினுக்குப் பதிலாகச் சாதாரண ஹெப்பாரினையே தோலடியில் 5,000 யூனிட் வீதம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போட்டு வந்தார்கள். ஐந்தாம் நாள் தட்டணுக்கள் 2,80,000. எட்டாம் நாள் 1,18,000. டெங்கு வார்டில் 20,000-ஐப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு பொருட்டாகவே தெரியாது. ஆனால் அறுவைக்குப் பின் எண்ணிக்கை ஏற வேண்டிய நாட்களில், உச்சத்திலிருந்து பாதிக்கும் மேல் சரிந்திருந்தது. அது ஹெப்பாரினாலேயே வரும் தட்டணுக் குறைவு நோயாக இருக்கலாம் என்பதை மாணவர் சரியாகவே கவனித்திருந்தார். அடுத்து அவர் கேட்டது, ஒரு யூனிட் தட்டணு ஏற்றலாமா என்பது.

தட்டணு வெளியிடும் பிஎஃப்4 என்ற புரதத்தோடு ஹெப்பாரின் சேரும்போது, சிலருக்கு அந்தக் கூட்டுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகிறது. அது தட்டணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியைப் பற்றி, அதைத் தூண்டிவிடுகிறது. எண்ணிக்கை குறைவது தட்டணுக்கள் உற்பத்தியாகாததால் அல்ல. அவை தூண்டப்பட்டுச் செலவாகிக்கொண்டிருப்பதால். கூடவே இரத்தத்தை உறையவைக்கும் திராம்பின் பெருகுகிறது. ஆகவே இரத்தப்போக்கு இல்லாதபோது தட்டணு ஏற்றுவது, எரிகிற அடுப்பில் விறகு வைப்பது போல. ஹெப்பாரினை நிறுத்தினாலும் ஆன்டிபாடி உடனே மறைவதில்லை. உறையும் ஆபத்து அதற்குப் பின்னும் சில வாரங்கள் நீடிக்கும். "போதாது, ஹெப்பாரின் அல்லாத உறைவு எதிர்ப்பு மருந்தை இன்றே தொடங்க வேண்டும்" என்று நான் சொன்னது இதனால்தான்.

உண்மையில் ஹெப்பாரின் அப்போது முழுமையாக நிற்கவும் இல்லை. மருந்துச் சீட்டில் ஊசியைக் கோடிட்டு நீக்கியிருந்தார்கள். ஆனால் கழுத்து நரம்புக் குழாயைக் கழுவுவதற்கான ஹெப்பாரின் கலந்த சலைன் சிரிஞ்சு, செவிலியரின் தட்டில் லேபிள் ஒட்டியபடி தயாராக இருந்தது. ஆன்டிபாடியின் வேலை தொடர அந்தச் சிறு அளவும் போதும் என்பதால் வெறும் சலைனுக்கு மாற்றச் சொன்னேன்.

எலும்பு அறுவை மருத்துவர் ஒப்பவில்லை. கால்களின் டாப்ளர் ஸ்கேனில் இரத்தக் கட்டி எதுவும் இல்லையே, புண்ணும் புதிது என்றார். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மலிவான வார்ஃபரின் இருக்கிறதே என்றும் கேட்டார். வார்ஃபரின் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: அது முதலில் உறைவைத் தடுக்கும் புரதம் சி-யைக் குறைத்துவிடும், தட்டணுக்கள் 1,50,000-ஐத் தொடுவதற்கு முன் கொடுத்தால் கால் அழுகிப்போகக் கூடும். வேறு மருந்தை இன்றே தொடங்குவதில்தான் தயக்கம். இந்த நோய்க்கான வாய்ப்பைக் கணிக்கும் 4டி மதிப்பெண் போட்டால் சரிவுக்கு 2, நாள் கணக்குக்கு 2, உறைவு இல்லாததால் 0, ஆன்டிபயாட்டிக்கும் காரணமாக இருக்கலாம் என்பதால் 1, ஆக 5. அது நடுத்தரம். இந்த நோய் உறுதியாகி, ஹெப்பாரினை நிறுத்தியதோடு விட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரு மாதத்துக்குள் இரத்தம் உறைந்ததாகப் பழைய ஆய்வுகள் சொல்கின்றன. அதைத்தான் அன்று எடுத்துச் சொன்னேன். ஆனால் நடுத்தர மதிப்பெண் பெற்றவர்களில் ஏழில் ஒருவருக்குத்தான் இந்த நோயே இருக்கும் என்பதை அவ்வளவு அழுத்திச் சொல்லவில்லை. அவசரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் உரக்கப் பேசுவது சரிதானா என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஹெப்பாரின் அல்லாத மருந்துகளில் ஃபோண்டாபாரினக்ஸ் வெளியேறச் சிறுநீரகத்தை நம்பியிருப்பதால் அதை ஒதுக்கினேன். ஆர்காட்ரோபனைக் கல்லீரல் வெளியேற்றுகிறது. சொட்டை நிறுத்தினால் சில மணி நேரத்தில் வேகம் அடங்கிவிடும். கிலோவுக்கு நிமிடத்துக்கு 1 மைக்ரோகிராமில் தொடங்கி, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஏபிடிடி அடிப்படை அளவின் ஒன்றரை மடங்கில் நிற்கும்படி வைத்தோம். இரத்தக்கசிவு அபாயம் அதிகமென்றால் தடுப்பு அளவே போதும் என்கின்றன வழிகாட்டுதல்கள். எட்டாம் நாளில் உலர்ந்திருந்த புண்ணை நான் அப்படிக் கருதவில்லை. இரண்டாம் இரவு கட்டு நனைந்தது. சொட்டை நிறுத்தி, கசிவு நின்றபின் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கினோம். மறு அறுவை தேவைப்படவில்லை.

தட்டணுக்கள் ஏறின. அந்த ஆன்டிபாடியைத் தேடும் எலைசா சோதனையின் முடிவு 1.1 என்று வந்தது: எதிர்மறையும் அல்ல, 2-ஐத் தாண்டி ஐயத்தைத் தீர்க்கும் அளவும் அல்ல. அந்த ஆன்டிபாடி தட்டணுவை உண்மையில் தூண்டுகிறதா என்று காட்டும் செயற்பாட்டுச் சோதனை எங்களிடம் இல்லை. ஹெப்பாரினோடு அந்த ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தியிருந்ததால், ஏறியதை வைத்தும் எதையும் உறுதிசெய்ய முடியவில்லை. இரத்தம் உறையாமல் இருந்தது மருந்தாலா, நோயே இல்லாததாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் 'ஹெப்பாரின் தரக்கூடாது' என்று எழுதியதும் நான்தான். அந்தச் சிறுநீரகம் ஒரு நாள் டயாலிசிஸ் கேட்கும். அங்கே வழக்கமாகப் பயன்படுவது ஹெப்பாரின்தான். 'சந்தேகம், உறுதியாகவில்லை' என்றும் எலைசா அளவையும் அதன் கீழேயே சேர்த்து எழுதினேன். அந்த இரண்டாம் வரியை அன்றைய பணி மருத்துவர் படிப்பாரா, முதல் வரியோடு நின்றுவிடுவாரா என்பது எனக்குத் தெரியாது.